பணத்தைப் பெற்றவர் யார்?

‘பாவம் ஓரிடம், பழி ஓரிடம்’ என்பது பழமொழி. இக்காலத்துப் பிரயாண ஏற்பாடுகளிலே பழி ஓரிடத்திலும் நிலைத்து நிற்பதில்லை. இணையத்தின் வழியே ஒரு முகவரிடம் விடுதி அறையை முன்பதிவு செய்து, பணத்தையும் முழுமையாகக் கட்டிவிட்டு, உரிய காலத்திலே அதனை இரத்துச் செய்த ஒருவர், தம் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். விடுதியின் அலுவலர், “நீங்கள் எங்களிடம் பணம் கட்டவில்லையே, முகவரைக் கேளுங்கள்” என்கிறார். முகவரின் அலுவலர், “விடுதி இன்னும் சம்மதம் தரவில்லை, அவர்களைக் கேளுங்கள்” என்கிறார். இருவரும் மரியாதையாகவே பேசுகின்றனர். ஆயினும் வாரங்கள் மாதங்களாகின்றன, பணம் வருவதில்லை. பணம் வராததோடு, அதனைக் கேட்டு வாங்குவதற்குச் சட்டமும் வங்கியும் தந்துள்ள தவணையும் சத்தமின்றிக் கழிந்துவிடுகிறது.

இந்த இருவரில் யாரைப் பொறுப்பாளியாக்கிக் கடிதம் எழுதவேண்டும், அக்கடிதத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விஷயம் தெளிவாகும்பொருட்டு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் ஒரு குடும்பம் வாழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவர், துறைமுகத்திலே இறக்குமதிப் பண்டங்களை விடுவித்துக் கொடுக்கும் முகவர் நிலையமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையை நுவரெலியாவிற் கழிக்கலாம் என்று வீட்டார் எண்ணினர். மகன் மார்ச் 2ஆந் திகதி, ஓர் இணைய முகவரின் தளத்திலே, ஒரு விடுதியில் இரண்டு அறைகளை மூன்று இரவுகளுக்குப் பதிவு செய்தான். ஓர் அறைக்கு ஓரிரவுக்கு 18,000 ரூபாய். மொத்தம் 108,000 ரூபாய். அத்தொகை அன்றைக்கே அவனுடைய கடனட்டையிலிருந்து கழிக்கப்பட்டது. ஏப்ரில் 12ஆந் திகதி விடுதியில் இறங்கவேண்டும். ஏப்ரில் 9ஆந் திகதி நண்பகலுக்கு முன் இரத்துச் செய்தால் கட்டணம் எதுவும் இல்லை என்று உறுதிச்சீட்டிலே அச்சிடப்பட்டிருந்தது.

வீட்டிலிருந்த பாட்டியார் நோய்வாய்ப்பட்டு வைத்தியசாலையிற் சேர்க்கப்படவே, ஏப்ரில் 5ஆந் திகதி மகன் முன்பதிவை இரத்துச் செய்தான். ‘இரத்து ஏற்றுக்கொள்ளப்பட்டது, மீளளிப்பு விடுதியின் சம்மதத்திற்கு உட்பட்டது’ என்று முகவரிடமிருந்து அன்றே மின்னஞ்சல் வந்தது. அந்த வாக்கியத்தின் முதற்பாதியைக் கண்டு வீட்டார் மனநிறைவு கொண்டனர். பிற்பாதிதான் பின்னர் தொல்லையாயிற்று. ஏப்ரில் முடியுமட்டும் பணம் வரவில்லை. விடுதியை விசாரித்தபோது, “உங்கள் பணத்தில் ஒரு சதமேனும் எங்களிடம் வரவில்லை” என்றார்கள். முகவரை விசாரித்தபோது, “விடுதிக்கு மூன்று முறை எழுதிவிட்டோம், பதில் இல்லை” என்றார்கள்.

இருவரில் ஒருவர் பொய் சொல்லுகிறார் என்றே எவருக்கும் தோன்றும். உண்மையில் இருவர் சொல்வதும் சொல்லளவில் மெய்யாக இருத்தல் கூடும். அது எவ்வாறு என்பதை அறிய, பணம் செல்லும் வழியைச் சற்றுப் பார்க்கவேண்டும்.

இணைய முகவர்கள் அறைகளை விற்பதில் இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில் முகவர் அறையைப் பதிவு செய்து கொடுப்பதோடு நின்றுவிடுகிறார். பிரயாணி விடுதிக்குச் சென்று அங்கேயே பணம் கொடுக்கிறார். முகவருக்கு விடுதி பின்னர் தரகு அனுப்புகிறது. இம்முறையில் பணம் முகவரின் கையைத் தொடுவதேயில்லை. இரண்டாம் முறையில் முகவரே முழுப்பணத்தையும் முன்கூட்டி வசூலித்துக்கொள்கிறார். தமது பங்கைக் கழித்துக்கொண்டு மிகுதியை மட்டும் விடுதிக்குச் செலுத்துகிறார். பிரயாணியின் கடனட்டை விவரம் விடுதிக்குப் போவதில்லை.

இரண்டாம் முறையில் முகவர் விடுதிக்குப் பணம் செலுத்தும் வழிகளுள் ஒன்று புதுமையானது. மெய்நிகர் அட்டை என்று அதனைச் சொல்வார்கள். அஃது அட்டை வடிவமில்லாத, வெறும் இலக்கங்களாலான ஒரு கடனட்டை. அந்த ஒரு முன்பதிவுக்கென்றே, அந்தத் தொகைக்கென்றே உண்டாக்கப்படுவது. பிரயாணி விடுதிக்கு வரும் நாளிலோ மறுநாளிலோதான் அதிலிருந்து பணம் எடுக்கக்கூடியவாறு முகவர் பெரும்பாலும் அதனை அமைத்திருப்பார். அந்நாளுக்கு முன் விடுதி அதைப் பயன்படுத்த முயன்றாலும் வங்கி மறுத்துவிடும். சில முகவர்கள் இவ்வாறு செய்யாமல், விருந்தினர் வந்து தங்கிப் போன பின் மாதந்தோறும் கணக்குத் தீர்த்து வங்கி வழியே அனுப்புவதும் உண்டு.

இப்பொழுது ஜம்பட்டா வீதிக் குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். மகன் இரத்துச் செய்தது ஏப்ரில் 5ஆந் திகதி. மேற்கண்ட இரண்டு வழிகளில் எதுவாயினும், விடுதி ஏப்ரில் 12ஆந் திகதிக்கு முன் பணம் எடுத்திருக்க இயலாது. ஆகவே ‘எங்களிடம் வரவில்லை’ என்று விடுதி சொன்னது மெய். அப்படியானால் 108,000 ரூபாய் எங்கே இருந்தது? மார்ச் 2ஆந் திகதி எவர் பெற்றாரோ அவரிடமே இருந்தது. விடுதிக்கு எழுதிவிட்டோம் என்று முகவர் சொன்னதும் மெய்யாயிருக்கலாம். ஆனால் எழுதவேண்டிய தேவையே இருக்கவில்லை. கட்டணமின்றி இரத்துச் செய்யும் உரிமை உறுதிச்சீட்டிலே முன்னரே தரப்பட்டுவிட்டது. தந்த உரிமைக்கு மறுபடியும் சம்மதம் கேட்பது, கொடுத்த பற்றுச்சீட்டுக்கு இன்னொருவர் கையொப்பம் தேடுவது போன்றதாகும்.

ஒருவேளை விடுதி ஏதோ ஒரு வகையிற் பணத்தை எடுத்துவிட்டிருந்தாலுங்கூட வழி மாறுவதில்லை. விடுதி அதனைத் திருப்பக்கூடியது எங்கிருந்து வந்ததோ அங்கேதான். அதாவது முகவரின் மெய்நிகர் அட்டைக்கே. பிரயாணியின் அட்டை இலக்கமே விடுதியிடம் இல்லாதபோது, அவருக்கு நேராகப் பணம் அனுப்பு என்று விடுதியைக் கேட்பதிற் பயனில்லை. பணம் போன வழியாலேயே திரும்பவேண்டும். அவ்வழியின் கடைசிப் படியில் நிற்பவர் முகவர்.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. முகவர் அறையை விடுதியிடமிருந்து நேராகப் பெறாமல், அறைகளை மொத்தமாக வாங்கி விற்கும் இடை வியாபாரி ஒருவரிடமிருந்து பெற்றிருக்கலாம். அப்போது விடுதியின் ஏட்டில் முகவரின் பெயர் இராது. இடை வியாபாரியின் பெயரே இருக்கும். முன்பதிவு எண்ணும் வேறாக இருக்கும். பிரயாணி தம்மிடமுள்ள எண்ணைச் சொல்லிக் கேட்டால், அப்படியொரு பதிவே இல்லை என்ற விடை வரும். இதைக் கேட்டுக் கலங்கவேண்டியதில்லை. விருந்தினரின் பெயரையும் வருகைத் திகதியையும் சொல்லி, ‘இப்பதிவு எந்த நிறுவனத்தின் பெயரால் வந்தது? பணம் உங்களுக்குக் கிடைத்ததா? இரத்துக் கட்டணம் ஏதேனும் விதித்தீர்களா?’ என்று மூன்று கேள்விகள் கேட்டு, விடையை எழுத்திலே பெற்றுக்கொள்ளவேண்டும். தொலைபேசியிற் சொன்ன வார்த்தை காற்றோடு போய்விடும். விடுதி தரும் இரண்டு வரி மின்னஞ்சல், முகவரின் சாக்குப்போக்குக்குத் தக்க விடையாகும்.

ஆக, யாருக்குக் கடிதம் எழுதுவது என்பதைத் தீர்மானிக்க மூன்று தாள்கள் போதும். முதலாவது வங்கிக் கூற்று. பணம் எவருடைய பெயரில் கழிக்கப்பட்டது என்பதை அது காட்டும். விடுதியின் பெயர் இருந்தால் விடுதிக்கு எழுதவேண்டும். முகவரின் பெயர் இருந்தால் முகவருக்கு எழுதவேண்டும். இரண்டாவது உறுதிச்சீட்டு. எந்த நாள் வரையில் கட்டணமின்றி இரத்துச் செய்யலாம் என்பதை அது காட்டும். மூன்றாவது விடுதியின் எழுத்து மூலமான விடை.

துறைமுகத்தில் வேலை பார்த்த அந்தப் பெரியவருக்கு இது புதிதன்று. விடுதிக்கும் முகவருக்கும் மாறி மாறித் தொலைபேசி எடுத்துச் சலித்திருந்த மகனிடம் அவர் ஒன்றே கேட்டார்: “தம்பி, பற்றுச்சீட்டுக் கொடுத்துக் காசை வாங்கினவர் யார்? முதலிலே அவரைக் கேட்போம். அவருக்கும் மற்றவருக்கும் உள்ள கணக்கை அவர்கள் தங்களுக்குள்ளே தீர்த்துக்கொள்ளட்டும்.”

பெரியவரின் சொல்லுக்குச் சட்டத்திலும் ஆதாரம் உண்டு. இலங்கையில் ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக உரோமன்-டச்சுச் சட்டமே வழங்குகிறது. ஆயினும் முதல்வர், முகவர் ஆகியோருக்கிடையேயான விவகாரங்களில் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றவேண்டும் என்று குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம் விதித்திருக்கிறது. அந்த ஆங்கிலச் சட்டத்திலே பழமையான ஒரு வழக்கு உண்டு. 1777ஆம் ஆண்டில் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்பளித்த புல்லர் எதிர் ஹாரிசன் என்ற வழக்கு அது.

அதன் வரலாறு சுருக்கமானது. காப்புறுதி செய்தவர் ஒருவர், கடலில் நேர்ந்த நட்டத்துக்கு ஈடாக ஒரு தொகையை, காப்புறுதி பெற்றோரின் முகவரிடம் கொடுத்தார். அது கொடுத்திருக்க வேண்டாத பணம் என்று பின்னர் தெரிந்தது. உடனே முகவருக்கு அறிவித்துத் திருப்பிக் கேட்டார். முகவரோ, தமது முதல்வர் தமக்குத் தரவேண்டிய கடனில் அத்தொகையை வரவு வைத்துவிட்டதாகவும், ஆகவே தம்மைக் கேட்க இயலாது என்றும் வாதாடினார். மான்ஸ்பீல்ட் பிரபு அதை ஏற்கவில்லை. முகவர் பணத்தை உண்மையாகவே முதல்வரிடம் கொடுத்துவிட்ட பின்னர் அறிவித்தல் வந்திருந்தால் அவர் தப்பலாம். ஏட்டிலே ஒரு வரி எழுதியது பணத்தைக் கொடுத்ததாகாது. அறிவித்தல் வந்தபோது பணம் அவர் கையிலே இருந்தது. ஆகவே அவரே திருப்பவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

இரண்டரை நூற்றாண்டுக்கு முந்திய இவ்வழக்கு நமது உதாரணத்துக்கு எவ்வாறு பொருந்துகிறது? ‘நாங்கள் வெறும் இடையாட்கள், விடுதியின் சார்பிற் பணம் வாங்கினோம்’ என்று இணைய முகவர்கள் தமது நிபந்தனைகளில் எழுதியிருப்பார்கள். அவ்வாறே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டாலும், இரத்தானது பற்றிய அறிவித்தல் கிடைத்தபோது பணம் யார் கையில் இருந்தது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அது தம் கையில் இருந்திருந்தால், இடையாள் என்ற சொல் முகவரைக் காப்பாற்றுவது அரிது. இதனாலேதான் அறிவித்தல் கொடுத்த திகதி முக்கியமாகிறது. கடிதத்திலே மனத்தாங்கல்களை எல்லாம் கொட்டுவதைவிட, திகதிகளை வரிசைப்படுத்துவதே பயன் தரும்.

அந்தப் பெரியவரின் வீட்டிலிருந்து புறப்படக்கூடிய கடிதத்தைக் கேளுங்கள்.

‘ஐயா, உங்கள் நிறுவனத்தின் இணையத்தளம் மூலம், மேலே குறிப்பிட்ட எண்ணுடைய முன்பதிவைச் செய்து, மார்ச் மாதம் 2ஆந் திகதி 108,000 ரூபாயைக் கடனட்டை வழியாகச் செலுத்தினேன். எனது வங்கிக் கூற்றின்படி இத்தொகையைப் பெற்றவர் உங்கள் நிறுவனமே. கூற்றின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

‘நீங்கள் வழங்கிய உறுதிச்சீட்டின்படி ஏப்ரில் 9ஆந் திகதி நண்பகல் வரையில் கட்டணமின்றி இரத்துச் செய்யலாம். நான் ஏப்ரில் 5ஆந் திகதி இரத்துச் செய்தேன். அன்றே நீங்கள் அதனை ஏற்று மின்னஞ்சல் அனுப்பினீர்கள். இவ்விரண்டின் பிரதிகளும் இணைக்கப்பட்டுள்ளன.

‘மீளளிப்புக்கு விடுதியின் சம்மதம் வேண்டுமென்று பின்னர் அறிவித்தீர்கள். அத்தகைய நிபந்தனை உறுதிச்சீட்டில் இல்லை. மேலும், இம்முன்பதிவின் பேரில் தாம் எத்தொகையும் பெறவில்லை என்றும், இரத்துக் கட்டணம் எதுவும் விதிக்கவில்லை என்றும் விடுதி மே மாதம் 2ஆந் திகதி எழுத்து மூலம் தெரிவித்துள்ளது. அதன் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளது.

‘ஆகவே, என்னிடமிருந்து பணத்தைப் பெற்றவர் என்ற முறையில் அதனைத் திருப்பித் தரும் பொறுப்பு உங்களுடையதே எனக் கொள்கிறேன். உங்களுக்கும் விடுதிக்கும் இடையே கணக்கு ஏதேனும் இருப்பின் அதில் எனக்குத் தொடர்பில்லை. விடுதிக்கு இதுவரை நீங்கள் ஏதேனும் செலுத்தியிருந்தால், செலுத்திய திகதியையும் தொகையையும் தெரிவிக்கவும். இக்கடிதத் திகதியாகிய மே 4ஆந் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள், மே 18ஆந் திகதிக்கு முன், 108,000 ரூபாயையும் அதே கடனட்டைக்குத் திருப்பி, அதற்குரிய குறிப்பு எண்ணை எனக்கு அறிவிக்கவும். தவறினால் எனது வங்கியிடமும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமும் முறையிடுவேன்.’

கடிதம் அவ்வளவே. இதிலே கோபமான சொல் ஒன்றும் இல்லை. விடுதியின் மீது குறையும் இல்லை. எதிரியாக இருந்த விடுதி இப்போது சாட்சியாகிவிட்டது. ‘விடுதிக்குச் செலுத்திய திகதியைத் தெரிவிக்கவும்’ என்ற வரியே இக்கடிதத்தின் உயிர்நிலை. முகவர் செலுத்தவில்லை என்றால் பணம் தம்மிடம் உள்ளதை ஒப்புக்கொண்டவராவார். இரத்துக்குப் பின்னர் செலுத்தினேன் என்றால், அறிவித்தல் கிடைத்த பின்னும் செலுத்தியது தம் தவறு என்பதை ஒப்புக்கொண்டவராவார். மறுமொழியே தராவிட்டால், அந்த மௌனமும் பின்னர் முறைப்பாட்டிலே இடம்பெறும். கடிதத்தைக் கொழும்பிலே கந்தோர் உள்ள முகவருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பவேண்டும். முகவர் பிறநாட்டவராயின் இதே விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதி, அவரது தளத்திலுள்ள முறைப்பாட்டுப் பகுதியிலும் பதிந்துவைக்கவேண்டும்.

சில வேளைகளில் முகவரிடமிருந்து, ‘நாங்கள் திருப்பிவிட்டோம், உங்கள் வங்கியைக் கேளுங்கள்’ என்று மூன்றாவதாக ஒரு திசையைக் காட்டும் மறுமொழி வரும். இது மெய்யா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. கடனட்டை மூலம் திருப்பப்படும் ஒவ்வொரு தொகைக்கும் ஏ.ஆர்.என். என்று வழங்கும் 23 இலக்கக் குறிப்பு எண் உண்டாகும். அவ்வெண்ணைக் கேட்டு வாங்கி வங்கியிற் கொடுத்தால், பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியாற் தேடிப் பார்க்க முடியும். எண்ணைத் தர இயலாத முகவர், பணத்தை இன்னும் அனுப்பவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். இடையிலே அட்டை காலாவதியாகிப் புதிய அட்டை வந்திருந்தால் அதையும் வங்கிக்குச் சொல்லிவைப்பது நல்லது.

கடிதத்திற்குப் பயன் இல்லையானால் இரண்டு கதவுகள் உள்ளன. முதலாவது, அட்டையை வழங்கிய வங்கி. சேவை இரத்தாகியும் பணம் திரும்பவில்லை என்று எழுத்து மூலம் முறையிட்டால், வங்கி அட்டை வலையமைப்பின் விதிகளின்படி முகவரின் வங்கியிடம் அத்தொகையைத் திருப்பிக் கேட்கும். விசா, மாஸ்டர்கார்ட் ஆகியவற்றின் விதிகளில் இதற்குப் பெரும்பாலும் 120 நாட்கள் தவணை உண்டு. இரத்துச் செய்த ஏப்ரில் 5ஆந் திகதியிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 3ஆந் திகதியோடு அது முடியும். வங்கிகள் தமக்கென இன்னுங் குறுகிய தவணை வைத்திருத்தலும் கூடும். ஆகவே கடைசி நாள் வரை காத்திருத்தல் தகாது. முகவர் பிறநாட்டு நிறுவனமாயின் இதுவே வலிமையான வழி. எனினும் அந்நிய நாணயத்தில் கட்டிய பணம் திரும்பும்போது நாணய மாற்று வேறுபாட்டால் சில ரூபாய்கள் குறையலாம் என்பதையும் அறிந்திருக்கவேண்டும்.

இரண்டாவது கதவு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்குவது வியாபாரியின் கடமை என்று அச்சட்டம் கொள்ளுகிறது. பிறரைத் தவறான வழியில் எண்ணச் செய்யும் நடத்தையையும் தடை செய்கிறது. விசாரணையின் முடிவிலே பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு பணிக்கும் அதிகாரமும் சபைக்கு உண்டு. 1977 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்திலே இருக்கவேண்டும். அதற்குத் தவணை மூன்று மாதம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற வாதத்துக்கு இடம் வையாமல், பணம் கட்டிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது. நமது உதாரணத்தில் பணம் கட்டியது மார்ச் 2ஆந் திகதி. ஆகவே ஜூன் பிறக்குமுன் முறைப்பாடு சபையைச் சேரவேண்டும். கடிதத்தில் 14 நாட்களுக்கு மேல் தவணை கொடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

‘மற்றவர் தந்தால் நாங்கள் தருவோம்’ என்ற வாதத்தை அதிகாரம் படைத்த ஒரு சபை ஆராய்ந்தபோது என்ன தெரியவந்தது என்பதற்கு அண்டை நாட்டிலே ஒரு சான்று உண்டு. அது விடுதி அறையைப் பற்றியதன்று. விமானச் சீட்டைப் பற்றியது. ஆயினும் சச்சரவின் உருவம் ஒன்றே. 2020ஆம் ஆண்டு கொரோனா முடக்கத்தின்போது இந்தியாவில் விமானங்கள் நின்றன. முகவர் வழியே வாங்கிய சீட்டுகளுக்கு விமான நிறுவனங்கள் பணத்தைத் திருப்பவேண்டும், அதைப் பெற்ற முகவர்கள் உடனடியாகப் பிரயாணிகளிடம் சேர்க்கவேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபர் 1ஆந் திகதி கட்டளையிட்டது.

எனினும் யாத்ரா என்ற இணைய முகவர் நிறுவனத்தின்மீது முறைப்பாடுகள் தொடர்ந்தன. இந்திய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்குக் கேட்டது. 2021இல் 36,276 முன்பதிவுகளுக்குரிய ஏறத்தாழ 26 கோடி இந்திய ரூபாய் திரும்பாமல் இருந்தது. 2024 ஜூன் மாதத்தில் அது 4,837 முன்பதிவுகளாகவும் ஏறத்தாழ இரண்டரைக் கோடி ரூபாயாகவும் குறைந்திருந்தது. இவ்வாறு எஞ்சியவற்றுள் விமான நிறுவனங்களிடமிருந்து வரவேண்டியிருந்தவை 98 முன்பதிவுகள் மாத்திரமே. எஞ்சிய பணத்தின் பெரும்பகுதிக்கு விமான நிறுவனங்களைக் காரணம் காட்ட இடமில்லை என்பது இந்த ஓர் எண்ணால் விளங்குகிறது. அம்மாதம் 27ஆந் திகதி ஆணையம் யாத்ராவுக்கே கட்டளையிட்டது: எஞ்சிய பிரயாணிகளைத் தொலைபேசியில் அழைத்து அவர்கள் பணம் திருப்பப்படும் என்று தெரிவிப்பதற்காக, தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் ஐந்து இருக்கைகளை அந்நிறுவனம் தன் செலவில் ஏற்படுத்தவேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. இங்கும் உடைந்தது சாக்கு; அதை உடைத்தது கணக்கு.

இனி, இக்கடிதம் செல்லாத இடங்களையும் சொல்லுதல் நியாயம். விடுதியிலேயே பணம் கொடுக்கும் முறையில் பதிந்து, அட்டையிலிருந்து பணம் எடுத்தது விடுதியே என்றால், முகவரைப் பொறுப்பாக்க இயலாது. ‘மீளளிப்பு இல்லை’ என்ற குறைந்த விலைக்கு அறையைப் பெற்றவர், பாட்டியாரின் நோயைக் காரணங்காட்டிப் பணத்தை உரிமையாகக் கேட்க முடியாது, சலுகையாகத்தான் கேட்கலாம். அச்சலுகையைத் தருவது விடுதியின் கையில் உள்ளது. அப்பொழுது முதற்கடிதம் விடுதிக்கே போகவேண்டும். ‘இன்ன எண்ணுள்ள பதிவுக்குக் கட்டணம் விதிக்கமாட்டோம்’ என்று விடுதி எழுத்திலே தந்து, அதன் பிரதி முகவருக்கும் சென்ற பின்னர்தான், மீதியைத் திருப்பும் பொறுப்பு முகவரைச் சேருகிறது. தவணை கடந்து இரத்துச் செய்தவருக்கும் இதுவே விதி. முகவர் தனியாக வாங்கிய சேவைக் கட்டணம் திரும்பாது என்று நிபந்தனையில் இருந்தால், அதனையும் கேட்கும் தொகையிலிருந்து கழித்துவிடவேண்டும். உரியதற்கு மேலாக ஒரு ரூபாய் கேட்டாலும், மறுமொழி முழுவதும் அந்த ஒரு ரூபாயைப் பற்றியதாகவே அமைந்துவிடும்.

ஆகவே, நேயர்களே, இவ்வகைச் சச்சரவு நேரும்போது மூன்றாவது தொலைபேசி அழைப்புக்கு முன் வங்கிக் கூற்றை எடுத்துப் பாருங்கள். பணத்தைக் கழித்தவர் பெயர் அதில் அச்சாகியிருக்கும். உறுதிச்சீட்டின் திகதியை அதனருகே வையுங்கள். விடுதியிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். இவற்றைக் கோத்து ஒரு பக்கத்தில், ஒரு தொகையையும் ஒரு நாளையும் குறித்து, பணத்தைப் பெற்றவருக்கே எழுதுங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகாத பணம், கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வருவதற்கு அதுவே நேரான வழி.